பட்டமா, சுயகல்வியா? – காரைக்குடி மாணவியின் கேள்விகளும் பதில்களும்



காரைக்குடியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டுள்ளார். அவர் வீட்டில் எழுந்துள்ள வாதம் இன்று பல இல்லங்களில் எழுந்துகொண்டிருப்பதால், கடிதத்தை நான்கு கேள்விகளாகப் பிரித்து இங்கே பதில் அளிக்கிறோம். பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து படித்தால் பயன் கூடும்.

கேள்வி 1: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு முடிக்கும் மாணவி. என் நன்னிக்கு இரு கண்களிலும் புரை. இலவச முகாம் பற்றி எத்தனையோ முறை சொல்லியும் வர மறுத்துவிட்டார்கள். "நல்லது என்று தெரிந்தும் மனிதர்கள் ஏன் செய்வதில்லை?" என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. இதற்கென்றே 'சோஷியல் மார்க்கெட்டிங்' என்று ஒரு துறை இருப்பதாக அறிந்தேன். அண்ணனோ, "அதெல்லாம் செல்போனிலேயே கற்றுக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தை மிச்சப்படுத்து" என்கிறார். மூன்று மாதத்தில் சான்றிதழ் தரும் நிலையம் ஒன்றையும் காட்டுகிறார். வளைகுடாவில் உழைக்கும் அத்தாவோ, "பட்டம் இல்லாமல் எதுவும் வேண்டாம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: சகோதரி, முதலில் பெயரில் உள்ள குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். உங்கள் அண்ணன் காட்டும் மூன்று மாத வகுப்பு, பெரும்பாலும் 'சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்' ஆக இருக்கக்கூடும். சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து பொருளை விற்கும் கலை அது. அதுவும் ஒரு தொழில்தான். ஆனால் உங்கள் நன்னியின் கண் பற்றிய கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது.

நீங்கள் தேடுவது சமூகச் சந்தையியல். வணிகர்கள் வாடிக்கையாளரை அறியப் பயன்படுத்தும் முறைகளைக் கொண்டு, மக்களுக்கே நன்மை தரும் ஒரு செயலை மக்கள் தாமாக முன்வந்து செய்யும்படி வழிசெய்வது இத்துறையின் வேலை. 1971-இல் பிலிப் கோட்லர், ஜெரால்டு ஸால்ட்மன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரையில்தான் இதற்கு இந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் பெயர் வருவதற்கு முன்னரே நம் நாட்டில் இவ்வேலை நடந்திருக்கிறது. தேநீரும் சோப்பும் விற்கும் கம்பெனிகளின் கடைவழியாகவே குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைக் குறைந்த விலையில் ஊர்தோறும் சேர்க்கும் அரசுத் திட்டம் 1968-இல் தொடங்கிற்று. அதற்கான யோசனையை வகுத்தவர்கள் கல்கத்தா மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் எவரும் 'சமூகச் சந்தையியல்' பட்டம் பெற்றவர் அல்லர். அப்படியொரு பட்டமே அன்று இல்லை.

ஒரு வகுப்பு எத்துறையைச் சேர்ந்தது என்பதை அதன் பாடத்திட்டத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். மக்களிடம் சென்று கேட்டறியும் ஆய்வு, மக்களை வகைப்படுத்துதல், ஒரு செயலுக்காக அவர்கள் கொடுக்க வேண்டிய விலை, அச்செயலோடு போட்டியிடும் பழைய வழக்கம், இறுதியில் செயல் மாறியதா என்று அளத்தல் ஆகியவை இருந்தால் அது நீங்கள் தேடும் துறை. விளம்பரப் பக்கம் அமைப்பது, பின்தொடர்பவர்களைப் பெருக்குவது என்பவை மட்டுமே இருந்தால் அது வேறு கடை. கட்டணம் செலுத்துவதற்கு முன் பாடத்திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அத்தாவுக்கும் ஒரு செய்தி உண்டு. இளநிலையில் 'சமூகச் சந்தையியல்' என்ற பெயரிலேயே பட்டம் தேடினால் நம் பகுதியில் ஏமாற்றமே மிஞ்சும். மேலாண்மை, சமூகப்பணி, மக்கள் தொடர்பியல், பொது சுகாதாரம் முதலிய முதுநிலைப் படிப்புகளுக்குள் ஒரு தாளாகவோ, ஒரு தாளின் பகுதியாகவோதான் இது பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. ஆகவே உங்கள் வீட்டின் உண்மையான கேள்வி "இந்தப் பட்டமா, சுயகல்வியா?" என்பதன்று. "ஏதேனும் ஒரு பட்டத்தோடு சேர்த்து இதைச் சுயமாகக் கற்பதா, அல்லது பட்டத்தை விட்டுவிட்டுக் கற்பதா?" என்பதுதான்.

கேள்வி 2: அப்படியானால் இத்துறையின் அறிவை நானாகவே பெற முடியுமா?

பதில்: பெரும்பகுதியைப் பெறலாம். அதற்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. மதுரைக்குப் பேருந்து ஏறினாலே போதும்.

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்பு, மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1993-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி இம்மருத்துவமனையைப் பற்றி ஒரு பாடமே எழுதியது. உலகெங்கும் மேலாண்மை மாணவர்கள் அதைப் படித்து விவாதிக்கிறார்கள். அவர்கள் ஏட்டில் படிப்பதை நீங்கள் இரண்டு மணி நேரப் பயணத்தில் கண்ணால் காணலாம்.

அங்கே எழுந்த பிரச்சினை உங்கள் நன்னியின் பிரச்சினையேதான். முகாம் இலவசம், மருத்துவர் தயார். ஆனால் பார்வை குன்றியவர்களில் மிகப் பலர் வரவில்லை. மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறை உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்தனர் என்று காட்டியது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு ஆகியவை முக்கியமானவை.

"இலவசம் என்ற பிறகு செலவு எங்கே வந்தது?" என்று தோன்றுகிறதல்லவா? இங்கேதான் இத்துறையின் முதல் பாடம் இருக்கிறது. விலை என்பது மருத்துவமனை வாங்கும் கட்டணம் மட்டுமன்று. வருகிறவர் இழக்கும் அனைத்தும் விலையே. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். நன்னிக்குத் துணையாக மகன் இரண்டு நாள் வேலையை விட வேண்டும். நாளுக்கு 700 ரூபாய் கூலி என்றால் 1400 ரூபாய். இருவருக்கும் பேருந்து, உணவு என்று 300 ரூபாய். ஆக, மருத்துவமனையின் கணக்கில் 'இலவசம்' என்று எழுதப்பட்டது, குடும்பத்தின் கணக்கில் 1700 ரூபாய். இதற்குமேல், அடுப்படி வேலையை யார் பார்ப்பார்கள், பேரப்பிள்ளையை யார் தூக்குவார்கள் என்பவை ரூபாயில் எழுத முடியாத விலைகள்.

இதைச் சோதித்துப் பார்த்த முந்தைய ஆய்வொன்றும் உண்டு. 1991-இல் வெளியான அது, தென்னிந்தியாவில் 90 கிராமங்களை எடுத்துக்கொண்டு எட்டு வகை அணுகுமுறைகளை ஒப்பிட்டது. செலவின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றதைவிட முழுச் செலவையும் ஏற்றதே அறுவைச் சிகிச்சைக்கு இசைந்தோரை அதிகமாக்கியது. அதுபோலவே, கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவரே வீடு வீடாகச் சென்று பேசியது நல்ல பலனைத் தந்தது. படித்த பேச்சாளரைவிட, "நானும் உன்னைப்போல் பயந்தேன், இதோ இப்போது ஊசியில் நூல் கோக்கிறேன்" என்று சொல்லக்கூடிய பக்கத்துத் தெருக் கிழவியின் சொல் வலிமையானது.

இன்று முகாமில் தேர்வாகும் நோயாளிகளைக் கூட்டமாகப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் அளித்து, சிகிச்சைக்குப் பின் ஊரில் கொண்டுவந்து விடும் முறை நடைமுறையில் உள்ளது. துணைக்கு ஆள் வர வேண்டிய அவசியம் குறைகிறது. ஊரார் நால்வர் உடன் இருப்பதால் அச்சமும் குறைகிறது. சுவரொட்டியின் எழுத்தை மாற்றுவது இரண்டாம் பட்சம். இங்கே மாற்றியது விலையையும் வழியையும்தான்.

சகோதரி, இந்த அளவு அறிவைப் புத்தகத்திலிருந்தும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களிலிருந்தும் நீங்களாகவே பெறலாம். உங்கள் அண்ணன் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

கேள்வி 3: பிறகு சுயகல்வியில் எதுதான் கிடைக்காது?

பதில்: தவறு செய்யும்போது "இது தவறு" என்று சொல்லும் ஆள் கிடைப்பதில்லை. இத்துறையில் தவறு சத்தம் போட்டுக்கொண்டு வராது. கணக்கு பிழைத்தால் ஏட்டில் இடிக்கும். தையல் பிழைத்தால் சட்டை உடம்பில் நிற்காது. ஆனால் தவறான ஆய்வு, பார்வைக்கு நல்ல ஆய்வு போலவே இருக்கும். இதை ஒரு பயிற்சியின் மூலம் விளக்குகிறோம். விரும்பினால் நீங்களும் செய்து பாருங்கள்.

முதற்படி, ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்தல். "நம் மஹல்லாவில் கண் நலம் பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்துவேன்" என்று எழுதினால் அது செயலன்று. "நம் மஹல்லாவில் 50 வயதைக் கடந்த, பார்வை குன்றியவர்கள் அடுத்த முகாமில் பரிசோதனை செய்துகொள்வார்கள், அறுவை தேவை என்று சொல்லப்பட்டவர்கள் அதைச் செய்துகொள்வார்கள்" என்று எழுதுங்கள். யார், எதை, எப்போது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி, செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிடுதல். சுயமாகக் கற்பவர்கள் பெரும்பாலும் வராதவர்களிடம் மட்டும் "ஏன் வரவில்லை?" என்று கேட்டுவிட்டு முடிவு கட்டிவிடுகிறார்கள். களப் பணியாளர்கள் கையாளும் முறை வேறு. முகாமுக்குச் சென்றவர்கள் 45 பேர், செல்லாதவர்கள் 45 பேர் என்று இரு சாராரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். எது எளிதாக்கியது அல்லது எளிதாக்கும்? எது கடினம்? யார் ஆதரிப்பார்கள், யார் தடுப்பார்கள்? பிறகு இரு சாராரின் பதில்களுக்கும் இடையே நூற்றுக்கு 15-க்குக் குறையாத வேறுபாடு எதில் தெரிகிறது என்று பார்ப்பார்கள்.

கற்பனையான எண்களைக் கொண்டு பார்ப்போம். "அறுவை என்றால் பயம்" என்று செல்லாதவர்களில் 32 பேர் சொல்கிறார்கள். அடடா, பயமே காரணம் என்று கருதி, பயத்தைப் போக்கச் சுவரொட்டி அடிக்கத் தோன்றும். ஆனால் சென்றவர்களிலும் 30 பேர் "பயம் இருந்தது" என்கிறார்கள். அதாவது நூற்றுக்கு 71, நூற்றுக்கு 67. வேறுபாடு 4 மட்டுமே. பயம் எல்லோருக்கும் இருந்தது, பயத்தோடேயே சென்றார்கள். இப்போது இன்னொரு பதிலைப் பாருங்கள். "அழைத்துச் செல்ல ஆள் இல்லை" என்று செல்லாதவர்களில் 27 பேரும், சென்றவர்களில் 9 பேரும் சொல்கிறார்கள். நூற்றுக்கு 60, நூற்றுக்கு 20, வேறுபாடு 40. பூட்டு இங்கே இருக்கிறது. ஒரு சாராரிடம் மட்டும் கேட்டிருந்தால், திறந்த கதவுக்குச் சாவி செய்துகொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் படி, வாயால் சொல்லாத காரணத்தைக் கேட்டறிதல். நம் வீட்டுப் பெரியவர்களிடம் வெளியூர்க் கேள்வித்தாளில் இல்லாத ஒரு கவலை இருக்கக்கூடும். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது என்று சொல்வார்களே, அப்போது ஒளுவுக்கு என்ன செய்வது, சுஜூது எப்படிச் செய்வது? நோன்பில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாமா? வயதான ஒரு தாய் இதை அந்நியரிடம் சொல்ல மாட்டார். "வேண்டாம்மா, இந்த வயசுல எதுக்கு" என்று முடித்துவிடுவார். பக்கத்தில் அமர்ந்து, அவசரப்படாமல் கேட்கும் பெண்ணுக்குத்தான் இது வெளிப்படும். வெளிப்பட்ட பிறகும், விடை சொல்லும் பொறுப்பு உங்களுடையதன்று. எத்தனை நாள் எச்சரிக்கை தேவை என்று மருத்துவர் சொல்லட்டும். மார்க்கச் சட்டத்தை ஊர் ஆலிம் சொல்லட்டும். அவ்விருவரின் பதிலும் பெரியவரின் காதில் விழும்படி செய்வதே உங்கள் வேலை. ரமளான் மாதத்தில் முகாம் வைத்துவிட்டு "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதாமல் இருப்பதும் உங்கள் வேலையே.

நான்காம் படி, சரியானதை எண்ணுதல். மறுபடியும் ஒரு கற்பனைக் கணக்கு. 300 துண்டுப் பிரசுரங்கள் வழங்கினீர்கள். 60 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். 9 பேருக்கு அறுவை தேவை என்றார்கள். 4 பேர் செய்துகொண்டார்கள். ஆண்டு மலரில் போடும் எண் 300 ஆக இருக்கும். முகாம் நடத்தியவர் பெருமையாகச் சொல்லும் எண் 60 ஆக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டிய எண், ஒன்பதில் நான்கு. இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் எதுவுமே செய்யாத பக்கத்து மஹல்லாவில், அதே முகாமுக்கு எத்தனை பேர் போனார்கள்? அங்கும் ஒன்பதில் நான்கு என்றால் உங்கள் உழைப்பு எதையும் மாற்றவில்லை. இந்த ஒப்பீட்டைச் செய்ய மனம் துணியாது. ஏனெனில் விடை கசப்பாக இருக்கக்கூடும். செய்யச் சொல்லிப் பிடித்து நிறுத்தும் ஆசிரியர் இருந்தால்தான் பலரும் செய்கிறார்கள்.

முதுநிலைச் சமூகப்பணி மாணவர்களை வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள்களேனும் களத்துக்கு அனுப்பி, அவர்கள் எழுதும் குறிப்பை ஆசிரியர் திருத்துவது இதற்காகவே. பட்டப்படிப்பின் பயன் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட இந்தத் திருத்தத்திலேயே அதிகம். எந்தச் செல்போன் பாடமும் உங்கள் குறிப்பேட்டைப் படித்து, "நீ உன் உறவினரிடம் மட்டும் கேட்டிருக்கிறாய், கேள்வியிலேயே விடையையும் சேர்த்துச் சொல்லிவிட்டாய்" என்று சுட்டிக்காட்டப்போவதில்லை.

பிறருடைய வீட்டுக்குள் நுழைந்து நோயைப் பற்றிக் கேட்கும்போது, அவர்களிடம் சம்மதம் பெறுவது, பெயரை மறைத்து வைப்பது, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல் காப்பது ஆகிய ஒழுங்குகளும் உண்டு. நம் தெருவிலேயே நாம் ஆய்வு செய்யும்போது இவை தளர்ந்துவிடும் அபாயம் அதிகம். ஒருவருடைய நீரிழிவு நோய் திருமணப் பேச்சில் போய் நின்றால், அடுத்த முறை எந்தக் கதவும் உங்களுக்குத் திறக்காது.

கேள்வி 4: எனக்கு வேலை கிடைக்க வேண்டும். குடும்பத்தின் பணமும் வீணாகக் கூடாது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: பி.காம். படிப்பை நிறுத்தாதீர்கள். இதை நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம்.

காரணம் எளிது. அரசுச் சுகாதாரத் திட்டங்களிலும் பெரிய தொண்டு நிறுவனங்களிலும், மக்களிடம் செய்தி கொண்டுசேர்க்கும் பணிகளுக்கு விளம்பரம் வரும்போது, முதல் சல்லடை பட்டம்தான். பல இடங்களில் சமூகப்பணி, மேலாண்மை, மக்கள் தொடர்பியல் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டம் கேட்பதே வழக்கம். விண்ணப்பத்தை முதலில் பிரித்துப் பார்ப்பவர் உங்கள் திறமையைப் பார்க்க மாட்டார். தகுதிக் கட்டத்தில் குறி இருக்கிறதா என்றே பார்ப்பார். இளநிலைப் பட்டம் இல்லாமல் முதுநிலைப் படிப்பில் சேரவும் முடியாது. இரண்டு ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு மூன்றாம் ஆண்டில் விலகினால், மிச்சமாவது ஓராண்டுக் கட்டணம். கையை விட்டுப் போவது முந்தைய இரண்டு ஆண்டுகளும் சேர்த்து.

அதே நேரத்தில் பட்டம் மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். சிறிய தொண்டு நிறுவனங்களும், ஊர்ப்புற மருத்துவமனைகளும், "நீ என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்று கேட்கக்கூடியவை. அங்கே மேலே சொன்ன பயிற்சியின் குறிப்பேடு, மதிப்பெண் பட்டியலைவிடப் பேசும். எனவே மீதமுள்ள ஓராண்டை இவ்வாறு பயன்படுத்தலாம்.

உங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தால் அதில் சேருங்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற கணக்கில் இரண்டு ஆண்டுகள் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. இறுதியாண்டில் முழு உறுப்பினராகச் சேர இயலாவிட்டாலும், திட்ட அலுவலரிடம் சொல்லி முகாமூரில் உங்கள் ஆய்வை நடத்த அனுமதி கேட்கலாம். தனியொரு பெண் கதவைத் தட்டுவதைவிட, கல்லூரியின் பெயரால் இருவர் இருவராகச் செல்வது பாதுகாப்பானது. அத்தாவின் மனமும் அமைதி பெறும்.

திருத்துவதற்கு ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் இத்துறை வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வணிகவியல் துறையில் புள்ளியியல் நடத்தும் ஆசிரியரே போதும். ஆய்வைத் தொடங்கும் முன்பே கேள்வித்தாளை அவரிடம் காட்டுங்கள். முடித்த பின்பு காட்டினால் பாராட்டு மட்டுமே கிடைக்கும். 45 பேருக்கு நேரமில்லையெனில் பக்கத்துக்கு 15 பேரோடு பழகிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிறு எண்ணிக்கையைக் கொண்டு "மக்கள் இப்படித்தான்" என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.

இணையவழிப் படிப்பில் சேர்வதானால், மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் உள்ள சந்தையியல், ஆய்வு முறை, மக்கள் தொடர்பியல் பாடங்களைப் பாருங்கள். பாடம் படிக்கக் கட்டணமில்லை. நேரில் சென்று எழுதும் தேர்வுக்குத்தான் கட்டணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள், ஒரு பருவத்தின் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை இத்தளத்தின் வழியே படித்து மதிப்பெண் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றன. எனினும் உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை ஏற்கும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டறிந்த பின்பே பதிவு செய்யுங்கள். படித்து முடித்த பிறகு "இது கணக்கில் வராது" என்று கேட்பது வருத்தம் தரும்.

பட்டம் முடிந்ததும் வீட்டு நிலை இடந்தராவிட்டால், முதுநிலைப் படிப்புக்கு உடனே ஓட வேண்டாம். ஓராண்டு ஏதேனும் ஒரு களப்பணியில் இருந்து பாருங்கள். அதன் பிறகும் ஆர்வம் நிலைத்திருந்தால், நேரடி வகுப்பில் சமூகப்பணியோ மேலாண்மையோ படிக்கலாம். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொலைநிலைப் படிப்பு பட்டம் தரும். மேலே சொன்ன களத் திருத்தத்தை அந்த அளவுக்குத் தராது. வேலையில் இருந்துகொண்டே படிப்பவருக்கு அது பொருந்தும். களமே காணாதவருக்கு நேரடி வகுப்பே நல்லது.

சுருங்கச் சொன்னால், அறிவு சுயகல்வியால் வரும். கதவு பட்டத்தால் திறக்கும். தேர்ச்சி, பிறர் நம்மைத் திருத்துவதால் வரும். உங்கள் அண்ணன் முதலாவதை மட்டும் பார்க்கிறார். அத்தா இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். மூன்றாவதை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். முதல் ஆய்வை உங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள். இம்முறை நன்னியிடம் முகாமின் தேதியைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "உங்களுக்கு என்ன சிரமமாகும், நன்னி?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை நீங்கள் எதுவும் பேசாதீர்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாமென்று சேர்ந்து யோசிப்போம், இன்ஷா அல்லாஹ்.